முடங்கிய முதலா, முழுகிய முதலா?

பங்குச்சந்தையைப் பற்றித் தமிழில் பேசுகிறவர்கள் சிலர் ‘சங்க் காஸ்ட்’ என்பதை ‘முடங்கிய முதல்’ என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். மதுரையில் நடக்கும் ஒரு டிரேடிங் வகுப்பின் பாடக்குறிப்பில் அச்சாகவே வந்துவிட்டது. தப்பான சொல் என்பதோடு விட்டுவிட முடியவில்லை. எந்தப் புத்திக்கோளாறை விளக்க வந்ததோ, அதையே இந்தச் சொல் வளர்த்துவிடுகிறது.

பொருள் எளிது. இனி நாம் என்ன முடிவெடுத்தாலும் திரும்பி வராதபடி போய்விட்ட பணம்தான் சங்க் காஸ்ட். நீரில் அமிழ்ந்துபோனது என்ற பொருளுள்ள ஆங்கில வினையிலிருந்து வந்த பெயர். போன பணத்தை மனசில் வைத்துக்கொண்டு அடுத்த முடிவை எடுப்பதுதான் அதன் பொறி. 1985-இல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இருவர் இதை நாடகச் சீசன் டிக்கெட்டை வைத்துச் சோதித்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட, சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். டிக்கெட் ஒன்றே, நாடகமும் ஒன்றே. கொடுத்த காசு மட்டும் வேறு.

இப்போது ‘முடங்கிய’ என்பதைப் பாருங்கள். வேலை முடங்கியது, போக்குவரத்து முடங்கியது என்கிறோம். தடை நீங்கினால் மறுபடி ஓடும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரி ‘பணம் சரக்கில் முடங்கிக் கிடக்கு’ என்றால் சரியாகத்தான் சொல்கிறார், சரக்கு விற்றால் பணம் வரும். ஆனால் 500 ரூபாய்க்கு வாங்கிய பங்கு 460-க்கு இறங்கினால், அந்த 40 ரூபாய் எங்கேயும் முடங்கிக் கிடக்கவில்லை. இன்றைக்கு வாங்கியவர் கையில் இருப்பது 460 ரூபாய் மதிப்புள்ள ஒரு பங்கு, அவ்வளவுதான். நாளை ஏறினால் அது புது லாபம், பழைய பணம் வீடு திரும்புவதில்லை. ‘மாட்டிக்கிச்சு’, ‘விற்காத வரைக்கும் நட்டமில்லை’ என்று டிரேடர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதலுக்கு ‘முடங்கிய முதல்’ இலக்கண அங்கீகாரம் கொடுத்துவிடுகிறது.

பொருளியல் பாடத்தில் ‘மூழ்கிய செலவு’ என்று எழுதுகிறார்கள். அது இவ்வளவு மோசமில்லை. ஆனால் பங்கு வாங்கியவன் அதைச் செலவு என்று நினைப்பதே இல்லை, முதல் போட்டதாகத்தான் நினைக்கிறான். அவன் மனசுக்கு எட்டாத சொல்லால் அவன் கோளாறை எப்படிக் காட்டுவது? சரியான வினை அடகுக்கடையில் காலங்காலமாக இருக்கிறது. கெடு தாண்டி மீட்க முடியாமல் போன நகையை ‘முழுகிப் போச்சு’ என்போம், மதுரைப் பக்கம் ‘முங்கிப் போச்சு’. இனி அந்த நகை நமக்கில்லை என்பது அதைக் கேட்ட மாத்திரத்தில் எல்லாருக்கும் புரியும். ஆகவே என் பரிந்துரை ‘முழுகிய முதல்’.

சொல்லின் வித்தியாசம் பணத்தில் எப்படித் தெரிகிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று லட்சம் வைத்திருக்கும் ஒருவர், ஒரு டிரேடில் அதிகம் போனால் ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய்தான் இழப்பேன் என்று வைத்திருக்கிறார். ஒரு பங்கை 500-க்கு 200 வாங்குகிறார். அதற்கு முன் விலை 488 வரை இறங்கித் திரும்பியிருக்கிறது, இனி அதற்குக் கீழே போகாது என்பதுதான் அவர் கணக்கு. அதற்குச் சற்றுக் கீழே 485-இல் ஸ்டாப் லாஸ், அதாவது விலை அங்கே இறங்கினால் விற்றுவிடச் சொல்லும் ஆர்டர். 15 ரூபாய் பெருக்கல் 200, சரியாக 3,000. இதுவரை ஒரு குறையும் இல்லை.

விலை 487-க்கு வருகிறது. முந்தைய அடிமட்டம் உடைந்துவிட்டது, வாங்கியதற்கான காரணமே போய்விட்டது. ஆனால் அவர் ஸ்டாப்பை 478-க்கு நகர்த்துகிறார். ஏன் 478? சார்ட்டில் அங்கே எதுவும் இல்லை. ‘இவ்வளவு தாங்கிட்டோம், இன்னும் கொஞ்சம் தாங்குவோம்’ என்பதுதான் காரணம். நட்டம் இப்போது 4,400 வரை போகலாம். விலை 480-ஐத் தொட்டதும் 465 ஆக்குகிறார், அது 7,000. அடுத்த நாள் காலை ஸ்டாப்பே போடவில்லை. இங்கே ஒரு நடைமுறை விஷயம் உண்டு. எக்ஸ்சேஞ்சில் போடும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்றைய தினத்துக்கு மட்டும்தான். அன்றே விற்காமல் டெலிவரியில் வைத்திருப்பவர் தினமும் காலையில் புதிதாகப் போட வேண்டும். ஒவ்வொரு காலையும் மனசு மாற ஒரு வாய்ப்பு. கம்பெனி ரிசல்ட் வந்து பங்கு 441-இல் திறக்கிறது. நட்டம் 11,800. 3,000-இல் முடிந்திருக்க வேண்டியது கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

இவ்வளவுக்கும் அவர் வாயில் இருந்த வாக்கியம் ஒன்றுதான்: ‘500 வந்தா போதும், வித்துட்டு வெளியே வந்துடுவேன்.’ மனசில் விழுந்த ஓர் எண்ணையே அளவுகோலாக்கிக்கொள்ளும் இதுதான் ‘ஆங்கரிங்’. இதை ‘நங்கூரமிடல்’ என்று எழுதுகிறார்கள். தமிழ் வாசகருக்கு நங்கூரம் என்றால் கப்பல் அலையில் அடித்துக்கொண்டு போகாமல் காக்கும் நல்ல பொருள். கோளாறு என்ற வாசனையே வராது. 1974-இல் ட்வெர்ஸ்கியும் கானெமனும் எழுதிய சோதனையில், ஒரு சக்கரத்தைச் சுற்றி வந்த எண்ணைக் காட்டிவிட்டு, ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 வந்தவர்களின் நடு மதிப்பீடு 25, 65 வந்தவர்களுடையது 45. சக்கரத்தின் எண்ணுக்கும் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் பிடித்து இழுத்தது. அதனால் ‘எண்பிடி’ என்றும், டிரேடிங்கில் ‘வாங்கிய விலைப் பிடி’ என்றும் சொல்லலாம். பேய்பிடி போல ஒலிக்கட்டும், அதுதான் வேண்டும். அந்த 500 அவருக்கு மட்டுமே தெரிந்த எண். அன்றைக்கு விற்கவும் வாங்கவும் நின்ற மற்றவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை வியாபாரிக்கு இது நன்றாகத் தெரியும். காலையில் என்ன விலைக்கு எடுத்தார் என்பதை நினைத்துச் சாயங்காலம் பூவைக் கட்டி வைத்துக்கொள்ள மாட்டார், வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். பங்கு வாடுவது கண்ணுக்குத் தெரியாததால் டிரேடருக்கு அந்தப் பழக்கம் வரவில்லை.

பிடி விழுந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க, ஸ்டாப்பை நகர்த்துமுன் காரணத்தை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். அந்த வரியில் வாங்கிய விலையோ, இதுவரை போன பணமோ வந்தால், அது பிடிதான். கையில் காசாக இருந்தால் இன்றைய விலைக்கு இதை வாங்குவேனா என்பதும் அதே சோதனை. விலை ஏற ஏற ஸ்டாப்பை மேலே ஏற்றுவது வேறு விஷயம், அதில் இழப்பின் அளவு கூடுவதில்லை. ஏற்ற இறக்கம் அதிகமான பங்குக்கு அகலமான ஸ்டாப் வேண்டுமென்றால், வாங்கும் முன்பே வைத்து எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். 30 ரூபாய் தூரம் என்றால் 100 பங்கு, அதே 3,000. தினமும் போடும் தொல்லைக்கு, ஒருமுறை போட்டால் பல நாள் நிற்கும் GTT ஆர்டரை ப்ரோக்கர்கள் தருகிறார்கள், ஆனால் இதற்குக் குறைந்து விற்க வேண்டாம் என்று அதில் குறித்த லிமிட் விலைக்குக் கீழே பங்கு திறந்தால் அதுவும் நிறைவேறாமல் நிற்கலாம்.

கடைசியாக, ஸ்டாப் லாஸை ‘நட்டத் தடுப்பு’ என்று மொழிபெயர்ப்பவர்களிடம் ஒரு சண்டை. அது நட்டத்தைத் தடுக்காது. நட்டம் இவ்வளவுதான் என்று முடித்து வைக்கும், அதுவும் ஒரே இரவில் விலை குதித்தால் அந்த அளவும் நிச்சயமில்லை. ‘தடுப்பு’ என்று படித்தவர், நட்டம் வரும்போது தடுப்பு வேலை செய்யவில்லை என்று நினைத்து அதைத் தள்ளி வைக்கத்தான் செய்வார். ‘நட்ட வரம்பு’ என்று எழுதுங்கள். ஆங்கிலச் சொல்லின் அருகில் அகராதியில் இருப்பதை எடுத்து ஒட்டாமல், அந்தச் சொல்லைப் படித்தவர் ஆர்டர் போடும்போது என்ன செய்வார் என்று யோசித்து எழுதுங்கள்.