இருபது பிக்சலில் தொலைந்த கழித்தல் குறி

பிடிஎஃப் உருவாக்கும் நூலகத்தின் புதிய பதிப்பை நிறுவியதும் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் படமாக மாற்றி பிக்சல் பிக்சலாக ஒப்பிடுவது நல்ல வழக்கம். கோப்புகளையே நேராக ஒப்பிட முடியாது. உருவாக்கிய நேரம், கோப்பின் அடையாள எண், எழுத்துருப் பெயரின் முன்னால் ஒட்டிக்கொள்ளும் ஆறு எழுத்து முன்னொட்டு ஆகியவை பக்கம் மாறாதபோதும் மாறக்கூடும். படமாக்கி ஒப்பிடுவது எளிது:

```
pdftoppm -r 150 -png old.pdf old
pdftoppm -r 150 -png new.pdf new
compare -metric AE old-1.png new-1.png diff.png
```

கடைசிக் கட்டளை வேறுபடும் பிக்சல்களின் எண்ணிக்கையைத் தரும். அதைப் பலர் சதவீதமாக்கி, "0.1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தேர்ச்சி" என்று விதி எழுதிவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது இந்த விதிதான்.

நான் பரிசோதித்த ஒரு ரசீது டெம்ப்ளேட்டை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரும் தொகை அதில் கழித்தல் குறியுடன் வரும். தட்டச்சுப் பலகையிலுள்ள சிறு கோட்டுக்குப் பதிலாக, U+2212 என்ற முறையான கழித்தல் குறியை நிரல் பயன்படுத்தியது. புதுப்பிப்போடு வந்த எழுத்துருவில் அந்தக் குறிக்கு வடிவம் இல்லை. அதன் இடத்தில் வெற்றிடம் அச்சானது. தொகைகள் வலப்பக்கம் சீராக அடுக்கப்பட்டிருந்ததால் இலக்கங்கள் நகரவில்லை. பக்கம் பார்வைக்கு ஒழுங்காகவே இருந்தது. ஆனால் கழிக்க வேண்டிய தொகை, கூட்ட வேண்டிய தொகையாகத் தெரிந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 150 டிபிஐ அளவில் ஒரு ஏ4 பக்கம் 1,240 × 1,754 பிக்சல். மொத்தம் ஏறத்தாழ 21.7 லட்சம். 10 புள்ளி எழுத்தில் ஒரு கழித்தல் குறி அதிகம் போனால் இருபது பிக்சல் அளவே இருக்கும். அது பக்கத்தில் 0.001 சதவீதம்கூட இல்லை. 0.1 சதவீத விதியோ சுமார் 2,170 பிக்சல்களை மன்னிக்கிறது. அப்படியானால் நூறு கழித்தல் குறிகள் ஒரே பக்கத்தில் காணாமற்போனாலும் சோதனை பச்சை விளக்குக் காட்டும். மறுபுறம், ஒரு பத்தி அரை பிக்சல் கீழே இறங்கினால் ஒவ்வொரு எழுத்தின் ஓரச் சாம்பல் நிறமும் மாறி, எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் எகிறும். யாருக்கும் தீங்கில்லாத மாற்றம் பெரிதாகவும், பணத்தைத் தொடும் மாற்றம் சிறிதாகவும் தெரிகின்றன. பக்கச் சதவீதம் அளப்பது மையின் பரப்பை மட்டுமே.

`compare` கட்டளையில் சிறு நிற வேறுபாட்டுக்கு இடம் கொடுக்கும் `-fuzz 10%` என்ற தேர்விலும் இதே ஆபத்து உண்டு. வெள்ளைக்கும் `#EEEEEE` என்ற வெளிர் சாம்பலுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 7 சதவீதம்தான். அட்டவணையின் வரிசைகளைப் பிரித்துக் காட்டும் வெளிர் பட்டைகள் முழுவதும் மறைந்தாலும் அந்தத் தேர்வு அவற்றைச் சமமென்றே கொள்ளும்.

என் பரிந்துரை, சலுகையைக் கூட்டுவதற்குப் பதிலாக இரைச்சலின் மூலத்தை அடைப்பது. பழைய பிடிஎஃபையும் புதியதையும் ஒரே இயந்திரத்தில், ஒரே பதிப்பு `pdftoppm` கொண்டு, ஒரே ஓட்டத்தில் படமாக்குங்கள். சென்ற ஆண்டு சேமித்த படத்தோடு இன்றைய படத்தை ஒப்பிட்டால், படமாக்கும் மென்பொருளின் மாற்றமும் டெம்ப்ளேட்டின் மாற்றமும் கலந்துவிடும். எழுத்துருக்கள் கோப்புக்குள் பொதிக்கப்பட்டுள்ளனவா என்பதை `pdffonts` காட்டும் `emb` நெடுவரிசையில் பாருங்கள். `no` என்றிருந்தால் அந்தந்த இயந்திரத்தின் மாற்று எழுத்துரு வந்து உட்கார்ந்துவிடும். சோதனைத் தரவில் தேதியையும் ரசீது எண்ணையும் நிலையாக வைத்துவிட்டால் எந்தப் பகுதியையும் மறைக்க வேண்டியிருக்காது. மறைத்த பகுதியில் நடக்கும் பிழையை யாரும் பார்க்கப் போவதில்லையே.

இவ்வளவும் செய்தபின் எதிர்பார்க்க வேண்டிய எண் சுழியம். அது சாத்தியமில்லாத இடத்தில் பக்கத்தை 20 பிக்சல் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் தனித்தனியே எண்ணுங்கள். ஒரு சதுரத்தில் 400 பிக்சல். தொலைந்த கழித்தல் குறி அங்கே 5 சதவீதமாக எழுந்து நிற்கும். இரு சதுரங்களுக்கு நடுவே விழுந்தாலும் ஒன்றிலாவது குறைந்தது பாதி தென்படும்.

சோதனைத் தரவு ஏழையாக இருந்தால் இந்த வேலை வீண். கழித்தல் தொகை, மிக நீளமான பெயர், இரண்டாம் பக்கத்துக்கு வழியும் அட்டவணை ஆகியவை மாதிரியில் இருக்க வேண்டும். அந்த ரசீதின் பிழைகூட, திருப்பித் தரும் தொகை கொண்ட ஒரு மாதிரியைச் சேர்த்த பிறகுதான் வெளிப்பட்டது.

படத்தில் தெரியாதவற்றை இந்த முறை ஒருபோதும் பிடிக்காது: இணைப்புகள் செல்லும் முகவரி, திரைவாசிப்பானுக்கான குறிச்சொற்கள், நகலெடுத்தால் வரும் உரை. உரையை `pdftotext` கொண்டு தனியே ஒப்பிடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். வடிவம் அச்சாகாத எழுத்தும் உரை அடுக்கில் பத்திரமாக இருக்கக்கூடும்.