கடன் வட்டி 9 சதவீதம், திட்டத்துக்கு ஏன் 11 போட்டீர்கள்?

ஆலை விரிவாக்கத் திட்டம் மேசைக்கு வந்தால் மேலாளர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். "வங்கி 9 சதவீதத்துக்குத் தருகிறது. திட்டச் செலவில் 80 சதவீதம் அந்தக் கடன்தான். அப்புறம் எதற்கு 11?" நியாயமான கேள்வி. 11 என்பது வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றும் தள்ளுபடி விகிதம். ஒப்புதலுக்குப் போகும் குறிப்பில் இதற்குப் பதில் இல்லாவிட்டால், கூட்டத்தில் யாராவது ஒருவர் அந்த விகிதத்தைத் தன் வசதிக்கு மாற்றிவிடுவார்.

ஓர் எடுத்துக்காட்டு. முதலீடு 100. வரி போக ஆண்டுக்கு 20 வீதம் 8 ஆண்டுகள் வருகிறது. 9 சதவீதத்தில் தள்ளுபடி செய்தால் நிகர இன்றைய மதிப்பு 10.7. 11 சதவீதத்தில் 2.9. சுமார் 11.8 சதவீதத்தைத் தொட்டால் பூஜ்யம். அதாவது எல்லாமே இந்த ஓர் எண்ணில் தொங்குகிறது. இந்த 11.8-ஐ நான் குறிப்பின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுவேன். எவ்வளவு நூலிழையில் நிற்கிறோம் என்பது தெரிந்தால்தான் மேலாளர் மீதியைக் கவனமாகப் படிப்பார்.

இனி 80 சதவீதக் கடன். புது ஆலையை மட்டும் நம்பி வங்கி பெரும்பாலும் அவ்வளவு தராது. பழைய ஆலையின் சொத்தும் அதன் வருமானமும் பின்னால் நிற்பதால்தான் தருகிறது. இந்தத் திட்டம் கடன் வாங்கும் திறனைத் தின்றுவிட்டால், அடுத்த திட்டத்துக்குப் பங்குதாரர் பணம்தான் போக வேண்டும். அதனால் எந்தப் பணம் எந்த இயந்திரத்துக்குப் போனது என்று பார்க்காமல், நிறுவனம் நீண்ட காலத்துக்கு வைத்திருக்க நினைக்கும் விகிதத்தை எடுக்கிறோம். இங்கே கடன் 40, பங்கு 60.

பங்கு மூலதனத்தின் செலவுக்கு, சந்தையோடு சேர்ந்து பங்கு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டும் பீட்டா வேண்டும். இதே தொழிலில் உள்ள நிறுவனங்களின் சராசரி பீட்டா 1.2, அவற்றின் கடன் அவற்றின் பங்கு மூலதனத்தில் பாதி, வரி 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 1.2-இல் அவர்களுடைய கடனின் பாரமும் கலந்திருக்கிறது. கடன்-பங்கு விகிதம் 0.5-ஐ வரி போக 0.75-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டினால் 1.375. 1.2-ஐ அதனால் வகுத்தால், கடன் நீங்கிய பீட்டா சுமார் 0.87. நம் 40:60-க்கு அதே வழியில் 1.5 வரும். 0.87-ஐ அதனால் பெருக்கினால் 1.3. இடர் இல்லாத வட்டி 6, சந்தையின் கூடுதல் எதிர்பார்ப்பும் 6 என்றால் பங்கின் செலவு 13.8 சதவீதம். கடனுக்கு வரிச் சலுகை போக 6.75. 60:40 எடையில் சராசரி எடுத்தால் கிட்டத்தட்ட 11. குறிப்பில் இந்தப் படிகளைக் காட்டினால் போதும். பீட்டாவின் பின்னால் உள்ள கோட்பாட்டை மேலாளருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். 11 என்பது விலைவாசி ஏற்றத்தையும் உள்ளடக்கிய விகிதம். ஆலைக்காரர்கள் அனுப்பும் தாளில் விற்பனை விலை எட்டு ஆண்டும் மாறாமல் ஒரே எண்ணாக நின்றால் சந்தேகப்படுங்கள். அது இன்றைய விலையில் போட்ட கணக்காக இருக்கலாம். அதன்மேல் 11-ஐப் போட்டால் நல்ல திட்டமும் மோசமாகத் தெரியும். மேலே சொன்ன 20, விலையும் கூலியும் ஏறுவதைச் சேர்த்த பிறகு வந்த எண்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஓர் அழுத்தம் வரும். "புது லைன் ஓடத் தாமதமாகலாம், பாதுகாப்புக்கு 3 சதவீதம் கூட்டிவிடுங்கள்." இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. விகிதத்தை 14 ஆக்கினால் முதல் ஆண்டுப் பணத்தின் மதிப்பு 2.6 சதவீதம்தான் குறைகிறது. எட்டாம் ஆண்டுப் பணமோ 19 சதவீதம் குறைகிறது. ஆனால் தாமதம் நடப்பது முதல் ஆண்டில்! ஆபத்து ஓரிடம், அபராதம் வேறிடம். திட்டமும் மைனஸ் 7.2-க்குப் போய் விழுகிறது, காரணம் யாருக்கும் தெரியாமல்.

தாமதத்தைப் பணவரவிலேயே காட்டுங்கள். முதல் ஆண்டு முழுக்கப் போய்விட பத்தில் ஒரு வாய்ப்பு என்று பொறியாளர் சொன்னால், அந்த ஆண்டின் 20 சராசரியில் 18 ஆகும். நிகர மதிப்பு 2.9-இலிருந்து 1.1-க்கு இறங்கும். வாய்ப்பு நாலில் ஒன்று என்றால் 20-க்கு 15, மதிப்பு மைனஸ் 1.6. இப்போது மேலாளர் விவாதிக்க வேண்டியது விகிதத்தை அல்ல, இயந்திரம் எப்போது வந்து இறங்கும் என்பதை. அதைத் தெரிந்த ஆள் ஆலையிலேயே இருக்கிறார்.

கையெழுத்துக்கு மேலே ஒரு வரி சேருங்கள்: வட்டியும் பீட்டாவும் எந்தத் தேதியில் எடுத்தவை என்று. ஒப்புதல் கூட்டம் மூன்று மாதம் தள்ளிப்போனால், பழைய 11-ஐ அப்படியே கொண்டுபோகாமல் மறுபடி கணக்கிடுங்கள். இந்தத் திட்டத்துக்கு இருக்கும் இடைவெளியே 0.8 சதவீதம்தான்.