பேசுவது யானையா, எலியா? காது எப்படிக் கண்டுபிடிக்கிறது

சிறுவர் கதைகளைக் குரலில் பதிவு செய்யும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “புத்தகமாக வாசிக்கும்போது விழுந்து விழுந்து சிரிக்கும் பிள்ளைகள், அதே கதையைப் பதிவில் கேட்டால் பாதியிலேயே ‘இப்ப யாரு பேசறா?’ என்கிறார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரலை மாற்றித்தானே பேசினேன்?”

அவருடைய கதை என்னிடம் இல்லை. நானே ஒரு துண்டு எழுதிக்கொள்கிறேன்:

“முள் குத்திவிட்டது, நடக்க முடியவில்லை. யாராவது எடுத்துவிடுங்களேன்” என்று கெஞ்சியது யானை. “உன் முள் என் அலகைவிடப் பெரியது” என்றது குருவி. “நான் எடுக்கிறேன், காலை ஆட்டாதே” என்றது எலி.

அச்சில் இதில் ஒரு குறையும் இல்லை. கண் முன்னே தாவி ‘என்றது எலி’யைப் பார்த்துவிடும். பக்கத்தில் படமும் இருக்கும். காதுக்கு அந்த வசதி கிடையாது. பேச்சு முழுவதும் வந்து முடிந்த பிறகுதான் பேசியவர் பெயர் வருகிறது. அதற்குள் பிள்ளை யாரோ ஒருவரை ஊகித்திருக்கும். ஊகம் தப்பானால் திருத்துவது கடினம். கேட்ட வாக்கியத்தின் பொருள்தான் மனதில் தங்கும், சொற்கள் அப்படியே தங்குவதில்லை என்று ஜாக்குலின் சாக்ஸ் 1967-இல் சோதித்துக் காட்டினார். புத்தகத்தில் ஒரு வரி மேலே போய்ப் பார்க்கலாம். காதில் விழுந்தது போனது போனதுதான்.

அதனால் கேட்பவர்களுக்காக மாற்றும்போது முதல் வேலை, ‘என்றது’க்களை எடுத்துவிட்டு அடையாளத்தைப் பேச்சுக்கு முன்னால் வைப்பது:

(காய்ந்த சருகு நொறுங்குகிறது. மெதுவாக நான்கு அடி.)
கதைசொல்லி: யானை நொண்டி நொண்டி வந்தது.
யானை: முள்ளு குத்திருச்சே, முன்னால போக முடியலையே, எடுத்துவிட யார் வருவா?
(சிறகடிப்பு.)
கதைசொல்லி: குருவி வந்து பார்த்தது.
குருவி: அம்மாடி! இந்த முள்ளு என் அலகைவிடப் பெரிசு!
(சருகு. நான்கு அடி.)
யானை: முள்ளு குத்திருச்சே...

இரண்டாவது முறை ‘யானை வந்தது’ என்ற வரி இல்லை, கவனித்தீர்களா? முதல்முறை ஒலியும் பெயரும் சேர்ந்து வந்ததால், இப்போது சருகு ஒலியே பெயரின் வேலையைச் செய்கிறது. முதல்முறையே பெயரை விட்டுவிட்டால் வம்பு. தனியாகக் கேட்கும்போது மழையும் எண்ணெயில் பொரியும் சத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இனி குரல். எனக்கு மிகப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

எலிக்குக் கீச்சுக் குரல், யானைக்குக் கட்டைக் குரல் என்று எல்லோருமே செய்கிறோம். பெரும்பாலும் நாம் மாற்றுவது குரல்நாண் அதிரும் வேகத்தை மட்டும். ஆணுக்கு அது நொடிக்குச் சுமார் 120 தடவை, பெண்ணுக்கு 200-ஐ ஒட்டி. ஆனால் உருவத்தின் அளவைக் காது ஊகிப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு: குரல்வளையிலிருந்து உதடு வரையுள்ள குழாயின் நீளம். வளர்ந்த ஆணுக்கு அது ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். அந்தக் குழாய் தனக்கென்று சில அதிர்வெண்களை எடுப்பாக ஒலிக்கச் செய்யும். குழாய் நீண்டால் அவை இறங்கும், குறுகினால் ஏறும், புல்லாங்குழலில் துளைகளை மூடித் திறப்பதுபோல.

செம்மான் கிடா இதை நம்மைவிட நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. இணைசேரும் பருவத்தில் கர்ஜிக்கும்போது தன் குரல்வளையைக் கழுத்துக்குள் கீழே இழுத்து, மார்பெலும்பு வரை கொண்டுபோய்விடும். குழாய் நீள்கிறது, இருப்பதைவிடப் பெரிய மிருகத்தின் குரல் கேட்கிறது. ஃபிட்ச், ரெபி இருவரும் 2001-இல் இதை விவரித்தார்கள்.

நம்மாலும் கொஞ்சம் முடியும். கொட்டாவி தொடங்கும் கணத்தில் குரல்வளை கீழே இறங்குவதை விரல் வைத்தால் உணரலாம். அதை அப்படியே நிறுத்தி, உதட்டைக் குவித்து முன்னே நீட்டிப் பேசுங்கள், யானை வந்துவிடும். எலிக்கு நேரெதிர்: உதட்டைப் பக்கவாட்டில் இழுத்து, சிரித்தபடி பேச வேண்டும். குழாயின் நீளம் சிறிதளவே மாறினாலும் காது பிடித்துவிடும். சிரமப்பட்டுக் கட்டைக் குரலில் உறுமினால் பத்து நிமிடத்தில் தொண்டை கட்டும், குரலும் பாதியில் பழையபடி மாறிவிடும். உதட்டு வழி அவ்வளவு களைப்புத் தராது.

எலிக் குரலை எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. குரலில் அடிப்படை அதிர்வோடு அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கும். அடிப்படை நொடிக்கு 150 தடவை, அதாவது 150 ஹெர்ட்ஸ் என்றால், மடங்குகள் 300, 450, 600 என்று நெருக்கமாக வரும். வாய்க்குழாய் இவற்றில் எதை எடுப்பாக்குகிறது என்பதை வைத்தே காது உயிரெழுத்தைப் பிரிக்கிறது. அடிப்படையை 500-க்கு ஏற்றினால் அடுத்தது 1000. இடையில் எதுவும் இல்லை. ‘இ’யையும் ‘எ’யையும் பிரித்துக் காட்டும் வேறுபாடு பெரும்பாலும் 500-க்குக் கீழேதான் இருக்கிறது, அங்கே எடுப்பாக்க ஒன்றுமே இல்லை. எலி ‘விட்டு’ என்றதா ‘வெட்டு’ என்றதா என்று தெரியாது. காலில் முள்ளோடு நிற்கும் யானைக்கு இது சின்ன விஷயமா?

ஒலிக்குறிப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. யானை நடைக்கு ‘தொம் தொம்’ என்று ஆழமான அதிர்வைச் சேர்க்கத் தோன்றும். ஹெட்போனில் அருமையாக இருக்கும். கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரால் 60 ஹெர்ட்ஸ் போன்ற ஒலிகளை எழுப்பவே முடியாது, யானை காணாமல் போகும். சருகை நான் எடுத்துக்கொண்டது அதனால்தான். யானையின் கட்டைக் குரலுக்கு இந்த ஆபத்து குறைவு, அடிப்படை அதிர்வு வெட்டுப்பட்டாலும் மேலுள்ள மடங்குகளிலிருந்து மூளை அதைக் கணக்கிட்டுக்கொள்ளும்.

பின்னணி இசையை நான் பேச்சுக்கு அடியில் ஓடவிடவே மாட்டேன். ச, த, ப போன்ற மெய்கள் வலுவில்லாதவை, இசை அவற்றைத்தான் முதலில் விழுங்கும். இரைச்சலுக்கிடையே பேச்சைப் பிரித்தெடுப்பதில் பிள்ளைகள் பெரியவர்களைவிடப் பின்தங்கியவர்கள். ‘செவ்வியல் இசை கேட்டால் அறிவு வளரும்’ என்று இன்னும் சிலர் சேர்க்கிறார்கள். அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் 1993 ஆய்வு கல்லூரி மாணவர்களிடம் நடந்தது. கிடைத்த பலனும் ஒரே வகைப் புதிரில், கால்மணி நேரத்துக்கு. அதை நம்பி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் 1998-இல் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். பிள்ளைகளின் கேட்கும் திறன் ஆய்வுக்கு அந்தப் பணத்தைக் கொடுத்திருக்கலாம்.

யானை திரும்பத் திரும்பச் சொல்லும் ‘முள்ளு குத்திருச்சே’ பல்லவிக்கு வருவோம். ‘அதையே எத்தனை தடவை சொல்வது’ என்று பெரியவர்களுக்குத்தான் சலிக்கும். ஜெசிகா ஹார்ஸ்டும் குழுவினரும் 2011-இல் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் புதுச் சொற்கள் கொண்ட கதைகளை வாசித்தார்கள். சிலருக்கு ஒரே கதை திரும்பத் திரும்ப, சிலருக்கு வெவ்வேறு கதைகள். புதுச்சொல் காதில் விழுந்த எண்ணிக்கை எல்லோருக்கும் சமம். ஒரே கதையைக் கேட்டவர்களே அதிகம் கற்றார்கள். அடுத்து என்ன வரும் என்பது தெரிந்திருந்ததால் கவனம் சொல்லுக்கு மிஞ்சியது என்று இதை விளங்கிக்கொள்ளலாம்.

ஆனால் பல்லவியின் சொல்லை மட்டுமல்ல, ராகத்தையும் இடைவெளியையும் மாற்றக்கூடாது. மூன்றாவது முறை ‘எடுத்துவிட...’ என்று நிறுத்தி இரண்டு நொடி சும்மா இருங்கள். கேட்கும் பிள்ளை ‘யார் வருவா?’ என்று முடித்தால் பல்லவி வேலை செய்கிறது. மௌனமாக இருந்தால் வரி நீளம் அல்லது முதல் இரண்டு முறையும் ஏற்ற இறக்கம் வேறுவேறு.

பதிவை வெளியிடும் முன் கதை தெரியாத ஒருவரிடம் கைப்பேசியில் ஓடவிட்டு, உரையாடலின் நடுவே எங்காவது நிறுத்தி ‘யார் பேசினது?’ என்று கேளுங்கள். உடனே சொல்ல வேண்டும். யோசித்துச் சொன்னால், குரலை இன்னும் கோணலாக்குவதற்கு முன் அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஓர் ‘என்றது’ ஒளிந்திருக்கும்.