கணவாயா, சூடையா?

சூரை, பாரை, சூடை, கணவாய் ஆகியவற்றில் பொருந்தாதது எது? திருகோணமலை மனையாவெளியில் ஒரு மாலை, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பையன் தன் அப்பப்பாவிடம் கேட்டான். வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டே அவர், "சூடை. மற்ற மூன்றும் தூண்டிலில் வரும், சூடைக்கு வலைதான் போட வேண்டும்" என்றார். பையன் சிரித்தான். விடை கணவாய், அதற்கு முதுகெலும்பு இல்லை. கடலை அறிந்தவருக்குப் புள்ளி இல்லை!

இப்படிப்பட்ட கேள்விகளால் அறிவுத்திறனை அளக்கும் ஐ.கியூ. சோதனையில் 100 என்பது, அந்தச் சோதனையை அளவு குறிப்பதற்காக எழுதியவர்களின் சராசரி மட்டுமே. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கூட்டத்தைக் கொண்டு அதை மீண்டும் குறிப்பார்கள். நியூசிலாந்து ஆய்வாளர் ஜேம்ஸ் பிளின், ஒரே ஆட்கள் பழைய சோதனையையும் புதியதையும் எழுதிய ஆய்வுகளைத் தேடித் திரட்டினார். ஏறக்குறைய எங்கும் அவர்கள் பழையதில்தான் கூடுதலாக எடுத்திருந்தார்கள்; அதாவது பழைய கூட்டத்தின் சராசரி தாழ்ந்தே இருந்தது. 1932 முதல் 1978 வரை அமெரிக்கர்களின் சராசரி ஏறத்தாழ 14 புள்ளிகள் உயர்ந்திருந்ததை அவர் 1984இல் காட்டினார்.

இவ்வளவு குறுகிய காலத்தில் மரபணு மாறாது. உயர்வு எங்கே நிகழ்ந்தது என்று பார்த்தால் காரணம் பிடிபடும். பொது அறிவிலும் கணக்கிலும் அது சொற்பம். "இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை என்ன?" என்ற வகைக் கேள்விகளிலும் வடிவப் புதிர்களிலும்தான் பாய்ச்சல். பொருளை அதன் பயனிலிருந்து பிரித்து வகைப்படுத்தும் பழக்கத்தைத் தருவது பள்ளிக்கூடம். நல்ல உணவும் சிறிய குடும்பமும் துணை நின்றிருக்கலாம். பெரும்பங்கு இந்தப் பழக்கத்துக்கே என்பது என் எண்ணம்.

இனி முதியவர்களிடம் வருவோம். 20 வயதில் தன் தலைமுறையின் சராசரியான 100ஐ எடுத்த ஓர் அமெரிக்கர், 70 வயதிலும் அதே விடைகளையே எழுதுகிறார் என்று வையுங்கள். ஆண்டுக்கு 0.3 புள்ளி வீதம் 50 ஆண்டுகளில் அளவுகோல் 15 புள்ளி நகர்ந்துவிட்டது. இன்றைய இளைஞர்களோடு ஒப்பிட்டால் அவருக்கு 85தான். அவர் எதையும் இழக்கவில்லை, ஆனாலும் "வயதானால் மூளை மங்கும்" என்பதற்கு அவரே சான்றாகிவிடுவார்.

இந்தக் குழப்பத்தை அவிழ்க்க ஒரே ஆட்களைப் பின்தொடர வேண்டும். அமெரிக்காவின் சியாட்டிலில் உளவியலாளர் வார்னர் ஷாயி 1956இல் தொடங்கி ஏழாண்டுக்கு ஒருமுறை அப்படிச் சோதித்தார். வெவ்வேறு வயதினரை ஒரே நாளில் ஒப்பிட்டபோது இளமையிலேயே தொடங்குவதுபோலத் தெரிந்த சரிவு, அதே ஆட்களைத் தொடர்ந்தபோது பெரும்பாலான திறன்களில் 60 வயதுவாக்கில்தான் தென்பட்டது. வேகம் மட்டும் விதிவிலக்கு. அது முன்பே குறையத் தொடங்குகிறது.

உயர்வும் நிலையானதல்ல. நோர்வேயில் 1970களின் நடுப்பகுதிக்குப் பின் பிறந்தவர்களிடம் மதிப்பெண் இறங்கியிருக்கிறது. ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்கிடையிலும் அந்த இறக்கம் தெரிந்ததால், அதற்கும் சூழலே காரணம் என்கிறார்கள்.

வலையூசியில் நூல் கோக்க அப்பப்பாவுக்கு இப்போது முன்னைவிட நேரம் பிடிக்கிறது; அது வயது. கணவாய்க் கேள்வியை அவர் இருபது வயதிலும் இப்படியேதான் தவறவிட்டிருப்பார்.