காணாமல் போகும் கட்டடங்களும் 1080 என்ற எண்ணும்

தெருமட்டத்தில் நிற்கும் கேமராவுக்கு, ஆயிரக்கணக்கான கட்டடங்கள் கொண்ட நகரத்தில் உண்மையில் தெரிபவை மிகச் சிலவே. முன்வரிசைச் சுவர்கள் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடுகின்றன. மறைந்தவற்றை வரையாமலேயே தள்ளிவிட, அதாவது கல்லிங் செய்ய, இன்று பரவலாகக் கையாளப்படும் வழி, ஜி.பி.யுவிலேயே ஆழப் பிரமிடு ஒன்றைக் கட்டி, ஒவ்வொரு கட்டடத்தின் எல்லைப் பெட்டியையும் அதனோடு ஒப்பிடுவது. நெட் கிரீன், மைக்கேல் காஸ், கேவின் மில்லர் ஆகியோர் 1993 சிக்கிராஃப் மாநாட்டில் முன்வைத்த யோசனையின் வாரிசு இது. எழுதிமுடிக்க நூறு வரிகூட ஆகாது. ஆபத்தும் அங்கேதான்: தவறாக எழுதினாலும் பெரும்பாலான நேரம் சரியாகவே தெரியும்.

பிரமிடின் அடித்தளம் முழு அளவு ஆழப் படம். அதற்கு மேலுள்ள ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு டெக்சல், தனக்குக் கீழுள்ள நான்கு டெக்சல்களில் மிகத் தொலைவான ஆழத்தை வைத்துக்கொள்கிறது. ரிவர்ஸ்-இசட் பயன்படுத்தினால் அருகில் 1, தொலைவில் 0 என்பதால் நான்கில் சிறிய எண்ணை எடுக்க வேண்டும். ஒரு கட்டடப் பெட்டியின் மிக அருகிலுள்ள புள்ளிகூட அந்தத் தொலைவான ஆழத்துக்குப் பின்னால் இருந்தால், கட்டடம் முழுவதும் மறைந்திருக்கிறது என்று பொருள். பெட்டி கேமராவின் அண்மைத் தளத்தை வெட்டினால் கேள்வியே கேட்காமல் வரைந்துவிட வேண்டும்.

இந்த முறையின் தவறுகள் ஒரு பக்கமாக மட்டுமே சாய வேண்டும். மறைந்த கட்டடத்தை வரைந்தால் கொஞ்சம் நேரம்தான் வீண். தெரிய வேண்டியதைத் தள்ளிவிட்டால் படமே பொய். பிறர் எழுதிய நிரல்களை மதிப்பாய்வு செய்யும்போது நான் முதலில் தேடுவது, இந்தச் சாய்வு எங்கே தலைகீழாகிறது என்பதைத்தான். அடிக்கடி அகப்படும் இடம் ஒன்று உண்டு: ஒற்றைப்படை அளவுகள்.

1920×1080 திரையை எடுத்துக்கொள்வோம். அடித்தளத்தைப் பூச்சியம் என்று எண்ணி, உயரம் மட்டும் பார்த்தால் அடுக்குகள் 1080, 540, 270, 135 என்று இறங்குகின்றன. அடுத்தது 67. ஆனால் 67-இன் இருமடங்கு 134 தானே? மூன்றாம் அடுக்கின் கடைசி வரிசையை யாரும் படிப்பதில்லை. அந்த ஒரு வரிசை, திரையின் அடியிலுள்ள 8 பிக்சல் வரிசைகளின் சுருக்கம். 67-இலிருந்து 33-க்குப் போகும்போது இன்னும் 16 பிக்சல் வரிசைகள் உதிர்கின்றன. 33-இலிருந்து 16-க்குப் போகும்போது மேலும் 32. ஆக, ஆறாம் அடுக்கில் திரையின் கடைசி 56 பிக்சல் வரிசைகள் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

உதிர்ந்துபோனதைவிட மோசமானது இடம் மாறிப்போவது. பலர் அடுக்கை 0 முதல் 1 வரையிலான ஆயத்தொலைவில் படிக்கிறார்கள். அப்படிப் படிக்கும்போது, 1080 வரிசைகளும் 16 டெக்சல்களுக்குச் சமமாகப் பங்கிடப்பட்டு, ஒன்றுக்கு 67.5 பிக்சல் என்று ஆகிறது. ஆனால் டெக்சலுக்குள் இருப்பதோ 64 பிக்சலின் தகவல். மேலிருந்து கீழே வர வர இந்தப் பிசகு கூடிக்கொண்டே போகிறது.

திரையில் 980 முதல் 1010 வரையிலான வரிசைகளில், 60 பிக்சல் அகலத்தில் ஒரு தாழ்ந்த கட்டடம் இருப்பதாகக் கொள்வோம். அதன் அளவுக்கு ஆறாம் அடுக்குதான் தேர்வாகும். 980-ஐ 67.5-ஆல் வகுத்தால் 14.5; 1010-ஐ வகுத்தால் 14.96. இரண்டும் 14-ஆம் டெக்சலில் விழுகின்றன. அந்த டெக்சலில் இருப்பதோ 896 முதல் 959 வரையிலான வரிசைகள். கட்டடத்தின் ஒரு பிக்சல்கூட அங்கே இல்லை! அந்த இடத்தை அருகிலுள்ள ஒரு சுவர் நிறைத்திருந்தால், திறந்த வெளியில் நிற்கும் நம் கட்டடம் மறைந்ததாகத் தீர்ப்பாகி, திரையிலிருந்து போய்விடும். கேமரா சற்று அசைந்தால் திரும்பி வரும். இதைப் பார்ப்பவர்கள் ஓட்டுநர் மென்பொருளைக் குறை சொல்வார்கள், ஒத்திசைவுத் தடைகளைச் சரிபார்ப்பார்கள். பிரமிடை யாரும் சந்தேகிப்பதில்லை.

தீர்வு எளிது. மூல அடுக்கின் அளவு ஒற்றைப்படையாக இருந்தால், புதிய அடுக்கின் கடைசி வரிசையும் கடைசி நெடுவரிசையும் இரண்டுக்குப் பதில் மூன்றைப் படிக்கட்டும். சோதனையிலோ பின்ன ஆயத்தொலைவை விட்டுவிட்டு முழு எண் பிக்சலையே பயன்படுத்தலாம்:

```glsl
ivec2 a = min(pxMin >> lod, levelSize - 1);
ivec2 b = min(pxMax >> lod, levelSize - 1);
```

இப்போது 980-உம் 1010-உம் 15-ஆம் டெக்சலுக்குப் போகின்றன. அதில் 960 முதல் 1079 வரை எல்லாம் அடக்கம். அடித்தளத்தையே 1024×1024 போன்ற இரண்டின் அடுக்காக மாற்றிவிடுவோரும் உண்டு. அது நல்ல வழிதான், ஆனால் 1920-ஐ 1024 ஆக்கும்போது ஒரு டெக்சல் 1.875 பிக்சலைத் தழுவுகிறது. பெரும்பாலான இடங்களில் அது மூன்று பிக்சல்களைத் தொடும். இரண்டுக்கு இரண்டு மட்டும் படிக்கும் சாம்ப்ளர் அங்கே ஒன்றைத் தவறவிடும். நான் முதல் வழியையே விரும்புகிறேன்.

அடுக்கைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே சாய்வுக் கணக்குதான். பெட்டியின் நீண்ட பக்கத்துக்கு இரண்டடிமான மடக்கை எடுத்து, மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். கீழ்நோக்கி முழுமையாக்கினால் 60 பிக்சல் பெட்டிக்கு 32 பிக்சல் டெக்சல்கள் கிடைக்கும். பெட்டி மூன்று டெக்சல்கள்மீது பரவக்கூடும். நான்கு மூலைகளை மட்டும் படித்தால் நடுவிலுள்ளது விடுபடும். அந்த நடுவில் ஒரு தெருவின் திறப்பு இருந்தால், அதன் வழியே தெரிய வேண்டிய கட்டடம் போய்விடும்.

சரியான பிரமிடுக்கும் நகரத்தில் ஒரு பலவீனம் உண்டு. இரு கட்டடங்களுக்கு இடையே நான்கு பிக்சல் அகலச் சந்து ஒன்றில் வானம் தெரிந்தால், 64 பிக்சல் டெக்சல் முழுவதும் வானத்தின் ஆழத்தை ஏற்றுவிடும். அதன் பின்னால் எதுவும் தள்ளப்படாது. படத்தில் பிழை இல்லை, வேகம்தான் கிடைப்பதில்லை. எனவே ஒரு தெருத் தொகுதியையே ஒரே பெட்டியாக்கிச் சோதிப்பது வீண். பெரிய பெட்டி மேல் அடுக்குக்குப் போகும், அங்கே ஏதாவது ஒரு சந்து கண்டிப்பாகச் சிக்கும். கட்டடம் கட்டடமாகச் சோதித்தால்தான் பயன். அடுக்கில் ஒரு படி கீழிறங்கி ஒன்பது டெக்சல்களைப் படிப்பதும், நெருக்கமான நகரங்களில் பெரும்பாலும் செலவுக்குத் தகுந்த பலன் தரும்.

போன ஃப்ரேமின் ஆழத்தை மட்டும் நம்பினால், தெருமுனையில் திரும்பும்போது புதிதாகத் திறக்கும் தெரு ஒரு ஃப்ரேம் தாமதமாகத் தோன்றும். இதற்கு இரண்டு கட்ட முறை உண்டு. போன ஃப்ரேமில் தெரிந்தவற்றை முதலில் வரைந்து, அதிலிருந்து பிரமிடைக் கட்டி, எல்லாக் கட்டடங்களையும் சோதித்து, தெரிபவற்றில் விடுபட்டவற்றை இரண்டாவதாக வரைவது. முதல் கட்டத்தில் வரைந்தவற்றையும் மறுபடி சோதித்து அவற்றின் தெரிநிலையைப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருமுறை தெரிந்த கட்டடம் பட்டியலைவிட்டு இறங்கவே இறங்காது.

இவை எல்லாவற்றையும் பிடிக்க நான் நம்பும் சோதனை ஒன்றுதான். கேமராவை நிறுத்திவைத்து, கல்லிங் இருக்கும்போது ஒரு படம், இல்லாமல் ஒரு படம். இரண்டின் வித்தியாசம் எல்லாப் பிக்சலிலும் பூச்சியமாக வர வேண்டும். கேமராவை நகரெங்கும் உலவவிட்டு இதைத் தானாக ஓட்டலாம். 2048×1024 சாளரத்தில் மட்டும் ஓட்டிப் பயனில்லை, அங்கே ஒற்றைப்படையே வராது. 1080, 1440, கூடவே அகலம் உயரம் இரண்டும் ஒற்றைப்படையான ஒரு சாளரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலவழி மென்மையாக்கத்தின் பிக்சல் நடுக்கத்தை அணைத்துவிட வேண்டும். ஒரே தளத்தில் ஒட்டி நிற்கும் சுவரும் பெயர்ப் பலகையும் மட்டும், வரையும் வரிசை மாறுவதால் வித்தியாசம் காட்டும். அது புள்ளி புள்ளியாகச் சிதறியிருக்கும். தவறான கல்லிங்கில் ஒரு கட்டடத்தின் புலப்படும் பகுதி முழுவதுமே விடுபட்டிருக்கும்.