கேசட்டை ஊதாதீர்கள், முதலில் திரையைப் பாருங்கள்

பழைய டிவி கேம் பழுதுக்கு வரும்போது, பெரும்பாலும் கேசட்டை வாயால் ஊதிப் பார்த்த பிறகுதான் வருகிறது. ஊதினால் சில நேரம் ஓடும், உண்மைதான். ஆனால் அது காற்றால் அல்ல. கழற்றி மறுபடி செருகும்போது ஸ்லாட்டின் பின்கள் உரசி, அழுக்கைக் கொஞ்சம் விலக்கிவிடுகின்றன. ஊதியதில் போன எச்சில் ஈரம் உள்ளே தங்கி, நாளடைவில் செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

நம் ஊரில் 90களில் விற்ற டிவி கேம்களில் பல, 1983இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாமின் நகல்கள். கேசட்டுக்கு 60 பின்கள். ஏறக்குறைய பாதி, விளையாட்டின் நிரலைப் படிக்க. மீதி, படங்களைப் படிக்க. அதனால் திரையே பாதி நோயைச் சொல்லிவிடும். வெறும் ஒரே நிறத் திரை வந்தாலோ, ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் உறைந்தாலோ நிரல் பக்கத்தைச் சந்தேகப்படலாம்.

சமீபத்தில் வந்த ஒரு கேசட்டில் பாட்டு சரியாகக் கேட்டது, பொத்தானை அழுத்தினால் குதிக்கும் சத்தமும் வந்தது. எழுத்துகள் மட்டும் கோடு கோடாகச் சிதறியிருந்தன. நிரல் ஓடுகிறது, படப் பக்கத்தில்தான் கோளாறு. அதே ஸ்லாட்டில் வேறு கேசட் நன்றாக ஓடியது. ஆக, குற்றம் கேசட்டில்.

99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காட்டன் பட்ஸை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, ஒவ்வொரு பின்னையும் அதன் நீளவாக்கில் உள்ளிருந்து விளிம்பை நோக்கித் துடைத்தேன். முதல் பட்ஸ் கரியாக வந்தது. வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றித் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகியதும் எழுத்துகள் சேர்ந்துவிட்டன. கை சானிடைசர் ஜெல் வேண்டாம், பிசுக்கு விட்டுப்போகும். தின்னர் பிளாஸ்டிக்கை உருக்கும். உப்புத்தாள் கூடவே கூடாது: மெல்லிய பூச்சு போய்ச் செம்பு வெளியே வந்தால் முன்பைவிடச் சீக்கிரம் கறுக்கும். ஆல்கஹாலுக்கு மசியாத கறைக்கு மட்டும், மென்மையான வெள்ளை ரப்பரால் லேசாக ஒரு தேய்ப்பு; அப்புறம் துகளைத் துடைத்துவிட வேண்டும்.

எல்லாக் கேசட்டும் தகராறு செய்தால் ஸ்லாட்டைப் பாருங்கள். அடாப்டரைக் கழற்றிவிட்டு, அட்டை ஒன்றில் பஞ்சு உதிராத துணியைச் சுற்றி, ஆல்கஹால் தொட்டு நேராகச் செருகி எடுக்கலாம். துணியோடு சேர்த்து அது கேசட் பலகையைவிடத் தடிமனாக இருந்தால் ஸ்பிரிங் அகன்று பிடிப்பு போய்விடும். கீச்சு போக அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம், தூசியை இழுக்கும்.

சுத்தம் செய்தும் கேசட்டை அழுத்தினால் மட்டும் படம் வருகிறதா? ஸ்லாட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது அடியில் ஈயப் பற்று விட்டிருக்கலாம். நன்றாக ஓடிக் கால் மணி நேரம் கழித்து உறைந்தால் அடாப்டரையும், உள்ளே சூடாகும் 5 வோல்ட் ரெகுலேட்டரையும் சோதியுங்கள். அங்கே பட்ஸுக்கு வேலையில்லை.