லோக் அதாலத்தில் ‘அபராதம் கட்டி முடிச்சாச்சு’ என்பவர்களுக்கு

போன வாரமும் ஒரு தம்பி வந்தார். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் தேர்வாகி, சரிபார்ப்புப் படிவத்தில் “நீதிமன்றத்தால் எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா, அபராதம் விதிக்கப்பட்டதுண்டா?” என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறார். போலீஸ் விசாரணையில் ‘உண்டு’ என்று வந்துவிட்டது. “சார், அது லோக் அதாலத்துல சமரசமா முடிஞ்ச கேஸ் சார்” என்றார். தீர்ப்பு நகலை வாங்கிப் பார்த்தேன். குற்றத்தை ஒப்புக்கொண்டார், ரூ.500 அபராதம். சமரசம் என்று ஒரு வரி இருந்தது, ஆனால் அது அவரைக் காப்பாற்றும் வரி இல்லை.

இந்த ஒரே கதையை எத்தனை முறை கேட்டுவிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. அதனால்தான் இது.

லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்ற நாளன்று ஒரே வளாகத்தில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, இரு தரப்பும் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்வது. நீதிபதி ஒருவரும் உடன் அமரும் உறுப்பினர்களும் கொண்ட அமர்வு அதைப் பதிவு செய்கிறது. இன்னொன்று, பெட்டி கேஸ்களை மாஜிஸ்திரேட்டே அழைத்து, ‘ஒப்புக்கொள்கிறாயா?’ என்று கேட்டு அபராதம் போடுவது. பொது இடத்தில் குடித்தது, தெருவில் சீட்டாடியது, போதையில் வண்டி ஓட்டியது எல்லாம் இந்த வகை. இதில் எதிர்த் தரப்பு யாருமில்லை, யாரோடு சமரசம் ஆக முடியும்? போலீஸ்காரர் “வா, லோக் அதாலத்துல முடிச்சுடலாம்” என்று கூட்டிப்போவார். முடியத்தான் செய்கிறது. ஆனால் தண்டனையாக முடிகிறது. அபராதமும் தண்டனைதான் ஐயா. சிறைக்குப் போனால்தான் தண்டனை, பணம் கட்டினால் ரசீது என்று யார் உங்களுக்குச் சொன்னார்கள்?

உண்மையான சமரசம் வேறு. அடிபட்டவர், மிரட்டப்பட்டவர், அதாவது சட்டம் குறிப்பிடும் அந்த நபர், ‘முடித்துக்கொள்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 320, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் பிரிவு 359. எந்தெந்தக் குற்றத்தை யார் சமரசம் செய்துகொள்ளலாம் என்று அதில் அட்டவணையே இருக்கிறது. அப்படி முடிந்தால், அதற்குச் சட்டம் தரும் பலன் விடுதலை. குற்றவாளி என்ற சொல்லே அந்த இடத்தில் வராது. ஒன்று கவனியுங்கள்: நான்கு பேர் மீது வழக்கு, மூவரோடு மட்டும் சமரசம் என்றால், விடுதலை அந்த மூவருக்குத்தான்.

இப்போது தம்பியின் வழக்குக்கு வருகிறேன். 2023-இல் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிற சண்டை. பக்கத்து வீட்டுக்காரருக்கு உதட்டில் காயம். முதல் தகவல் அறிக்கையில் அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் வழக்கமான மூன்று பிரிவுகள்: 294(பி) ஆபாச வார்த்தை, 323 காயம், 506(1) மிரட்டல். (எங்கள் ஊர்ப் பக்கம் எந்த அடிதடிக்கும் இந்த மூன்றும் ஒட்டிப் பிறந்தவை. யார் யாரை என்ன திட்டினார்கள் என்று கேட்காமலேயே ஆபாச வார்த்தைப் பிரிவு சேர்ந்துவிடும்.) குற்றப்பத்திரிகை தாக்கலானது. ஆறு மாதத்தில் இரண்டு குடும்பமும் ராசியாகிவிட்டன. பக்கத்து வீட்டுப் பெரியவரே மக்கள் நீதிமன்றத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டார்.

323-ம் 506(1)-ம் அட்டவணையில் இருக்கின்றன, அவை இரண்டும் சமரசமாயின. 294(பி) அட்டவணையில் இல்லை. சமரசத்துக்கு உட்படாத குற்றத்தைத் தொட மக்கள் நீதிமன்றத்துக்கு அதிகாரமே கிடையாது, 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் பிரிவு 19 அதைச் சொல்கிறது. அப்போது வராந்தாவில் நின்ற யாரோ ஒருவர், “அதுக்கு மட்டும் ஒத்துக்கிட்டு ஐந்நூறு கட்டிடு, இன்னைக்கே முடிஞ்சுடும்” என்றிருக்கிறார். கட்டினார். சமரசமான அதே நாளில் குற்றவாளியும் ஆனார்.

என்ன செய்திருக்க வேண்டும்? ஒப்புக்கொள்ளாமல் அந்தப் பிரிவை விசாரணைக்கு விட்டிருக்கலாம். சமரசமாகிவிட்ட பெரியவர் கூண்டில் ஏறி, அப்படி எதுவும் பேசவில்லை என்றால் வழக்கு அங்கேயே நொண்டும். இன்னும் சுத்தமான வழி, இரு தரப்பும் கூட்டாக உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யக் கேட்பது. சமரசத்துக்கு உட்படாத பிரிவானாலும், தனிப்பட்ட தகராறு தீர்ந்துவிட்டது என்றால் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று 2012-இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செலவும் அலைச்சலும் உண்டுதான். ஐந்நூறு ரூபாயில் முடியாது.

ஒப்புக்கொண்டே ஆக வேண்டிய நிலை என்றாலும், உங்கள் வக்கீல் வாயைத் திறந்து ஒன்றைக் கேட்கலாம்: நன்னடத்தைச் சட்டம், 1958. இரண்டு ஆண்டுக்கு மேற்படாத தண்டனையுள்ள குற்றத்தில், முன் தண்டனை இல்லாதவரை எச்சரித்து விடுவிக்கப் பிரிவு 3 இடம் தருகிறது. அப்படி விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனையோடு ஒட்டிவரும் தகுதியிழப்பு வராது என்கிறது பிரிவு 12. இதை நாங்களே கேட்பதில்லை, எங்கள் தொழிலின் சோம்பல் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

போலீஸ் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். அங்கே விடுதலையிலும் வகை பார்ப்பார்கள். சாட்சி பிறழ்ந்ததால் வந்த விடுதலையை, வழக்கில் சம்பந்தப்பட்டவர் என்றே தமிழ்நாட்டு விதி கணக்கில் வைக்கிறது. ஆகவே மேலே சொன்ன முதல் வழி உங்களுக்கு அரை வழிதான். முதலிலேயே உயர் நீதிமன்றத்தைப் பற்றி யோசியுங்கள்.

சரி, போகப் போகிறீர்களா? தாராளமாகப் போங்கள். கட்டணம் இல்லை. வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால் முன்கூட்டியே பேச்சுவார்த்தைக்கு அழைப்பார்கள், சந்தேகத்துக்கு 15100. ஒத்துவரவில்லை என்றால் வழக்கு அதே நீதிமன்றத்துக்குத் திரும்பும், அதனால் உங்களுக்கு எதிராக எதுவும் ஆகாது. ஒத்துவந்தால் அது இறுதி, மேல்முறையீடு கிடையாது. ஆகவே போவதற்கு முன் முதல் தகவல் அறிக்கையையும் குற்றப்பத்திரிகையையும் எடுத்து, ஒவ்வொரு பிரிவாக விரல் வைத்துக் கேளுங்கள்: இது சமரசமாகுமா, ஆகாதா? எதிர் வழக்கும் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் முடியுங்கள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த ராசி நாமாவை நம்பிச் சும்மா இருக்காதீர்கள், நீதிமன்றத்தில் இருக்கிற வழக்கை அது முடிக்காது.

கையெழுத்துப் போடும் முன் தாளைப் படியுங்கள். ‘சமரசத்தால் விடுதலை’ என்று இருக்கிறதா, ‘குற்றத்தை ஒப்புக்கொண்டதால்’ என்று தொடங்குகிறதா? இரண்டாவது என்றால் பேனாவைக் கீழே வையுங்கள். அவசரப்படுத்துவார்கள், அன்று பட்டியல் நீளம். அவர்களுக்கு அது ஒரு எண், உங்களுக்கு அப்படி இல்லை. முடிந்ததும் சான்றிட்ட நகலை வாங்கி ஆதாரோடு சேர்த்து வையுங்கள். எந்தப் படிவத்தில் கேட்டாலும் உள்ளதை எழுதுங்கள். சின்ன வழக்கை மன்னிக்க வேலை கொடுப்பவருக்கு இடம் உண்டு, மறைத்ததை மன்னிப்பது கடினம் என்பதுதான் 2016-இல் அவதார் சிங் வழக்கில் வந்த தீர்ப்பின் சாரம்.

தம்பிக்குச் சீராய்வு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. தொண்ணூறு நாள் கெடு எப்போதோ தாண்டிவிட்டது, தாமதத்தை மன்னிக்கத் தனி மனு போட வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்த முறையும் கையெழுத்துப் போட வருகிறேன் என்றிருக்கிறார்.